டீ மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்த காபிச் சீட்டு

கண்ணுகளா, புனலில் தாளை வெச்சு வெந்நீர் ஊத்திக் காபி வடிக்கிற 'போர் ஓவர்' செட் ஒண்ணு காளப்பநாயக்கன்பட்டிக்கு அனுப்பச் சொன்னேனே, அது என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. எழுதறேன்.

அங்கே டீக்கடை வெச்சிருக்கிற என் சிநேகிதனுக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு. சீனி கூடாது, பாலையும் குறைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். "பாலும் சீனியும் இல்லாம காபியா? அது கசாயம்"னு அவன் பழையபடியே குடிச்சுக்கிட்டிருந்தான். அவன் சம்சாரம் எனக்குப் போன் போட்டு அழுதுச்சு. நம்ம தோட்டத்துக் காபியை வெறுமனே குடிச்சுப் பார்த்தா பாலையும் சீனியையும் விட்டுடுவான்னு நான் நம்பினேன். அதுக்குத்தான் அந்தச் செட்.

ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்:

தூள் ரவை பதத்தில் இருக்கணும். மாவாட்டம் அரைச்சா தண்ணி இறங்காது, கசக்கும்.
புனலில் தாளை வெச்சு, வெந்நீரில் நனைச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடு. இல்லேன்னா தாள் வாசம் வரும்.
ஒரு டம்ளர் தண்ணிக்கு ரெண்டு பெரிய ஸ்பூன் தூள்.
தண்ணி கொதிச்சதும் இறக்கி, அரை நிமிஷம் பொறு.
முதல்ல தூள் நனையற அளவுக்கு ஊத்து. உப்பி வரும். இன்னொரு அரை நிமிஷம் பொறு.
அப்புறம் நடுவிலிருந்து வட்டமா, மெல்ல, விட்டு விட்டு ஊத்து. மொத்தம் மூணு நிமிஷம்.

ரெண்டு நாள் கழிச்சு அவனே கூப்பிட்டான். "மாப்ளே, உன் காபி கழுவுன தண்ணியாட்டம் இருக்குது. நான் பழசுக்கே போறேன்."

மறுநாள் முதல் பஸ்சில் இறங்கினேன். "என் முன்னாடி போடு"ன்னேன். தூள் சரி, தாள் சரி, பொறுத்ததும் சரி. கெட்டிலைத் தூக்கினான் பாருங்க, தலைக்கு மேலே! டீ ஆத்துற கை. அங்கிருந்து அருவியாட்டம் விழுந்துச்சு. தூள் நடுவில் பள்ளம், மிச்சத் தூள் தாளின் ஓரத்தில், தண்ணி தூளில் ஊறாமலே ஓடிருச்சு, தெறிச்சது என் சட்டையில்.

"ஏப்பா, மெல்ல ஊத்துன்னு எழுதியிருக்கேனே!"

"மெல்லத்தானே ஊத்துறேன்? உசரம் எழுதலியே நீ."

அவன் சொன்னது நியாயம். புனலுக்குப் பக்கத்தில் ஊத்தச் சொன்னேன். முதல் வட்டம் போச்சு, ரெண்டாவதில் கை தானா மேலே ஏறிச்சு. அவன் சம்சாரம் பார்த்துச்சு. டீ வடிகட்டியைக் கீழே வெச்சுட்டு வந்து, துண்டால் அவன் முழங்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிருச்சு.

"ஏனுங்க, இப்ப ஊத்துங்க."

பெஞ்சில் இருந்தவங்க சிரிச்சாங்க. "மாஸ்டரைப் புடிச்சுக் கட்டிப்போட்டாச்சு!"

ஊத்தினான். காபி நிறமா இறங்குச்சு. ஒரு வாய் குடிச்சான், இன்னொரு வாய் குடிச்சான்.

"கசாயம்தான்"னான். டம்ளரை மட்டும் கீழே வைக்கல. காலியானதும், "துண்டை அவுக்காதே, இன்னொண்ணு போடறேன்"னான். அவன் சம்சாரம் சீனி டப்பாவை எடுத்து மேல் பலகையில் வெச்சுட்டுச்சு.

அட்டையில் "கை இடுப்புக்கு மேலே போகாது"ன்னு எழுதிட்டுக் கிளம்பினேன்.

ஊட்டுக்கு வந்தப்ப யாருமில்லை. நம்ம கெட்டிலை எடுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரே ஒரு தடவை ஊத்திப் பார்த்தேன். உங்கம்மா வர்றதுக்குள்ளே தரையைத் துடைச்சுட்டேன்.