பாக்கியிருந்த ஓர் அடி

ஆகஸ்டு இரண்டாம் தேதி, காலை பத்தரை மணி. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் ஷட்டரைக் கடைக்காரர் கரண்ட் இன்னும் முழுதாகத் தூக்கியிருக்கவில்லை. அதற்குள் ஒருத்தி குனிந்து நுழைந்தாள். அவளது இடக்கண் வீங்கி மூடியிருந்தது.

கரண்ட் என்னும் பட்டப்பெயர் அவருக்குத் தொழிலால் வந்ததன்று, கோபத்தால் வந்தது. தொட்டால் அடிப்பார். வாடிக்கையாளர் ஒருவரை அறைந்ததற்கும், எதிர்க்கடைச் சாவிக்காரரின் ஸ்டூலைத் தூக்கி உடைத்ததற்கும் காவல் நிலையப் படி ஏறியவர். "உங்க வாய் திறக்கறதுக்குள்ள கை முந்திக்குது. எதிர்க்கடையிலயே ஒரு பூட்டு வாங்கிக் கைக்குப் போடுங்க" என்பாள் மனைவி.

வந்தவள் ஒரு கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். முதுகு நொறுங்கி, நடுவில் வளைந்திருந்தது.

"புருஷன் சுத்தியலால அடிச்சான். இதுல அவன் அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் இருக்குண்ணா. 'கொன்னு தண்ணித் தொட்டில போடுவேன்'னு அவன் குரல்லயே இருக்கு. சாயங்காலம் வக்கீலம்மா மனு போடறாங்க. இது இல்லன்னா என்னை அந்த வீட்டுக்கே அனுப்பிடுவாங்க."

"பேக்கப் இருக்குமே?"

"மெயிலும் பாஸ்வேர்டும் அவன் கையில. அதையெல்லாம் அழிச்சிட்டான்."

புதிதாக ஒரு கைப்பேசியும் அவள் கொண்டுவந்திருந்தாள். கரண்ட் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஆண்ட்ராய்டு. பக்கத்துல பக்கத்துல வச்சு நேரா மாத்திடலாம்மா. நடுவுல எவன் மெயிலும் வேணாம்."

பழையதன் பேட்டரி உப்பியிருந்தது. அதைக் கழற்றியெறிந்து, மேசையிலிருந்த பவர் சப்ளையின் இரு கம்பிகளைக் கைப்பேசியின் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையில் கவ்வவிட்டார். நசுங்கிய கேமராவுக்குப் பதிலாக, குப்பைப் பெட்டியில் கிடந்த அதே மாடலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பொருத்தினார். விரிசல்களுக்கிடையே திரை ஒளிர்ந்தது. சிம்மைப் புதியதில் போட்டு, வாட்ஸ்அப்பில் அதே எண்ணைப் பதிவு செய்து, அதில் தோன்றிய கியூஆர் கட்டத்தைப் பழையதன் கேமராவுக்குக் காட்டினார். வைஃபையும் லொகேஷனும் இரண்டிலும் போட்டிருந்தார். இணைப்பு பிடித்துக்கொண்டது; உரையாடல்கள் நகரத் தொடங்கின.

ஒரு பிழை மட்டும் செய்துவிட்டார். இந்த நேரடி இணைப்புக்கு வைஃபை விழித்திருந்தால் போதும், இணையம் வேண்டியதில்லை. பழக்க தோஷத்தில் பழையதையும் கடையின் வைஃபையில் சேர்த்திருந்தார். உயிர் பெற்ற கைப்பேசி, தான் இருக்குமிடத்தைத் தன் மெயில் கணக்குக்குச் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கு கணவனின் கையில் திறந்திருந்தது.

பாதி கூட நகர்ந்திருக்காது. ஷட்டர் படாரென்று மேலே போயிற்று.

"இங்கயா ஒளிஞ்சிருக்க?" அதே சுத்தியல். முதல் வீச்சில் கண்ணாடிப் பெட்டி சிதறியது. குறுக்கே வந்தவளை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மேசை அதிர்ந்து கம்பிகளின் பிடி நழுவப் பார்க்க, கரண்ட் பாய்ந்து கம்பிகளை விரல்களால் பலகையோடு அழுத்தினார். கம்பி விலகினால் பழையது செத்துவிடும், மறுபடி எழுமென்று சொல்வதற்கில்லை. கம்பி கட்டிய கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. இரண்டின்மேலும் கவிழ்ந்து கொண்டார்.

"அந்தப் போனைக் குடுடா!"

"உன் வீட்டுச் சொத்தாடா?"

தோளில் விழுந்தது. முதுகில் விழுந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. வாழ்நாளெல்லாம் சொல் கேளாமல் எழுந்த கைகள் அன்று கம்பியோடு ஒட்டிக் கிடந்தன. நான்காம் அடி வலக்கை விரல்களில் இறங்கியபோது எலும்பு முறியும் ஓசை அவருக்கே கேட்டது. இடக்கை விரல்கள் கம்பியை விட்டு அசையவில்லை. திரையில் தொண்ணூற்று இரண்டு விழுக்காடு. எழுந்து வந்தவள் கணவனின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். சுத்தியல் தரையில் விழுந்தது. அவன் அவளை உதைத்துத் தள்ளினான்.

"முடிஞ்சதும்மா!" புதியதை அவளிடம் வீசிவிட்டு, கரண்ட் இடக்கையால் சுத்தியலை எடுத்தார். பின்வாங்கியவன் மூலையில் ஒடுங்கினான். கை ஓங்கிவிட்டது.

"அண்ணா, வேணாம்! நீங்க அடிச்சா ரெண்டு ஆம்பளைங்க சண்டைன்னு ஆக்கிடுவான். கேஸே போயிடும்!"

ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. அதற்குள் சாவிக்காரர் ஓடி வந்து அவனை மடக்கி, சார்ஜர் வயரால் கட்டினார். "அடிக்காம நிக்கறியே, உடம்பு சரியில்லையாய்யா?" என்று கரண்டிடம் கேட்டார்.

அன்று மாலை அந்தக் குரல் வக்கீலின் அறையில் ஒலித்தது. பிறகு நீதிமன்றத்திலும் ஒலித்தது. அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அவன் சிறை சென்றான்.

தண்டனை முடிந்து வந்தவன், ஒருநாள் தலை குனிந்தபடி கடையைத் தாண்டிப் போனான். சாவிக்காரர் கரண்டிடம் கண்ணைக் காட்டினார். "ஒரு அடி பாக்கி இருக்கே, கேஸும் முடிஞ்சிடுச்சு, குடுத்துத் தீர்க்கலையா?"

கரண்ட் மடங்காத இரு விரல்களோடு திருப்புளியைப் பிடித்தபடி அவனது முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தெருமுனை திரும்பியதும் குனிந்து, கையிலிருந்த கைப்பேசியின் அடுத்த திருகைக் கழற்றத் தொடங்கினார். அதன்பின் அவன் எத்தனையோ முறை அவ்வழியே போனான். அந்த அடி கடைசிவரை பாக்கியாகவே நின்றுவிட்டது.