வராத நூலின் பக்க எண்கள்

குடைப் பேராசிரியரின் புத்தகம் தமிழில் வந்துவிட்டதாம். எனக்கு இதைச் சொன்னவர் நகலகக்காரர். அவருக்குச் சொன்னவர் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். உதவியாளருக்குச் சொன்னவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்த ஒரு விரிவுரையாளர். இந்த மாதிரிச் செய்திகளில் வரிசையின் கடைசியில் நிற்பவர்தான் எப்போதும் கண்ணால் பார்த்தவர். அவரைப் போய்க் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

"அட்டை கூட நல்லா வந்திருக்காமே சார்" என்றார் நகலகக்காரர், சூடான தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே.

நான் அக்கா வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு முதல் இரண்டு நாள் உபசாரம், அப்புறம் எடுபிடி வேலை. அத்தானின் ஆய்வேட்டில் துணைநூற்பட்டியல் பகுதியை மட்டும் அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து தாள்களைக் கொடுத்தபடி செய்தியையும் சொன்னேன். அத்தான் முகம் வெளுத்துப்போயிற்று.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க அத்தான்."

"எல்லாரும் சொல்ற அளவுக்குப் போயிடுச்சா?"

அத்தான் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிப்பவர். கடைப் பெயர்ப் பலகைகளின் மொழியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். அவரோடு தெருவில் நடப்பது பெரிய தண்டனை. ஒவ்வொரு பலகைக்கும் கீழே நின்று வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை உள்ளாடைக் கடை வாசலில் நின்று குறிப்பெடுத்ததில், அக்கா எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் யாரோ போல நின்றுகொண்டாள். பட்டம் வருமுன்பே அவரை "டாக்டரே" என்று கூப்பிட ஆரம்பித்தவளும் அவள்தான். ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னாள், பிறகு கேலியாக, இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு. பதிவுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

அவர் முகம் ஏன் வெளுத்தது என்பதை அன்று சாயங்காலம் சமையலறையில் அக்கா சொன்னாள்.

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஓர் ஆய்வுக் கட்டுரை இதழில் வந்திருக்க வேண்டும் என்பது விதி. போன வருடம் அத்தான் கட்டுரையை எழுதித் தன் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடம் கொண்டுபோனார். கடைப் பலகைகளைப் பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதவில்லை. அதனால் கட்டுரையின் இறுதியில் தமிழ் நூல்களின் பட்டியல் குட்டையாகவும், ஆங்கில நூல்களின் பட்டியல் நெட்டையாகவும் இருந்தது. நெறியாளர் கட்டுரையைப் படிக்கவில்லை. பட்டியலைத்தான் பார்த்தார். கட்டுரைகளைப் பின்னாலிருந்து பார்ப்பது அவர் வழக்கம். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்.

"என்னய்யா இது? தமிழ்க் கட்டுரைக்கு வால் மட்டும் இங்கிலீஷ்ல தொங்குது."

"ஐயா, படிச்சதெல்லாம் அதுலதான் இருக்கு."

"படிச்சது எதுல இருந்தா என்ன? நீ தமிழாசிரியர்தானே? தமிழ்ல போடு."

"தலைப்பையுமாங்க ஐயா?"

"இருக்கறதுல பெரிய புத்தகத்தையாவது தலைப்பு, பேரு, பதிப்பகம் எல்லாம் தமிழ்ப்படுத்து. தமிழ்ப் பட்டியல்ல சேத்துடு. இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அத்தானுக்கு முறை தெரியாமல் இல்லை. எந்த மொழியில் நூல் இருக்கிறதோ அந்த மொழியில், அந்த எழுத்தில் தலைப்பைக் கொடுக்க வேண்டும். தமிழ் நூல்கள் தமிழ் அகர வரிசையில் ஒரு பட்டியல், ஆங்கில நூல்கள் ஆங்கில அகர வரிசையில் இன்னொன்று. கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரைத் தமிழில் எழுதலாம். பட்டியலில் அவர் தன் எழுத்தில்தான் நிற்க வேண்டும். வாசகருக்குப் புரியட்டும் என்று தலைப்பின் பொருளைத் தமிழில் சொல்வதானால், மூலத் தலைப்புக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் சொல்லலாம். மூலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. எதற்காக என்றால், பட்டியலைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவன் அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். இவ்வளவும் தெரிந்த அத்தான், "சரிங்க ஐயா" என்றார். நெறியாளரிடம் எந்தப் பேச்சும் அவருக்கு இந்த வாக்கியத்தில்தான் முடியும்.

அந்தப் பெரிய புத்தகம் குடைப் பேராசிரியருடையது. அவர் அந்தத் துறையில் பெரிய ஆள். வெயிலோ மழையோ கையில் குடை. ஓய்வு பெற்றவர். தமிழர்தான், ஆனால் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். கணினியில் மேற்கோள் போடும் மென்பொருள் அவர் பெயரின் பின்பாதியைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். அது அவருடைய அப்பா பெயர். ஆகவே அறிஞர் உலகத்தில் பாதிப் பேர், பெட்டிக்கடை வைத்திருந்த அவர் தகப்பனாரைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் தமிழ்ப்படுத்தியதில் அப்பா பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கி முன்னுக்கு வந்து, சொந்தப் பெயர் நிமிர்ந்து நின்று, மனிதர் ஒருவழியாகத் தானே தன் புத்தகத்தை எழுதியவரானார். அந்தமட்டும் நல்லதுதான். ஆனால் புத்தகத்தின் தலைப்பு ‘கடைமுகப்பின் மொழி’ ஆகிவிட்டது. ஆண்டும் பக்க எண்ணும் ஆங்கிலப் புத்தகத்தினுடையவை. மொழிபெயர்ப்பு நூலென்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும், அது இல்லை. இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவது?

கட்டுரை வெளிவந்தது. இரண்டாம் ஆசிரியராக நெறியாளர் பெயரும் வந்தது. வால் நறுக்கிய உழைப்புக்கு.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அடுத்து எழுதியவர்கள் அத்தான் கட்டுரையின் பட்டியலைப் பார்த்தே தங்கள் பட்டியலைப் போட்டார்கள். ‘கடைமுகப்பின் மொழி’ அதே பக்க எண்ணோடு இன்னொரு கட்டுரையில் வந்தது. மூன்றாவது கட்டுரையில் வேறு பக்க எண்ணோடு வந்தது. அதை எழுதியவர், அப்படியே நகலெடுக்கக் கூச்சப்படுகிற கௌரவஸ்தர் போலிருக்கிறது. ஒரு கருத்தரங்கில், புத்தகத்தைக் கண்ணால் பார்த்த அந்த விரிவுரையாளர் எழுந்து, "மொழிபெயர்ப்பு சுமார்தான், மூலத்தோட அழகு இல்ல" என்றாராம். தலை ஆட்டியவர்கள் நிறைய. நூலகத்தில் வாங்க வேண்டிய நூல்களின் வரிசையிலும் அது சேர்ந்துவிட்டது.

"சிரிக்காதடா" என்றாள் அக்கா. "புறத்தேர்வாளர் யாருன்னு தெரியுமா?"

ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடும் வெளியாளான புறத்தேர்வாளரின் பெயர் ரகசியம். அதனால்தான் துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடைப் பேராசிரியர்.

மறுநாள் அத்தான் நெறியாளரைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறையில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாவற்றின் மேலும் ஆய்வேடுகள். உட்காருவதற்கு யாருடைய முனைவர் பட்டத்தையாவது தூக்கித் தரையில் வைக்க வேண்டியிருந்தது.

"ஐயா, ஆய்வேட்டுப் பட்டியல்ல அதை மறுபடி ஆங்கிலத்துக்கே மாத்திடறேன். இதழுக்கும் ஒரு திருத்தம் அனுப்பிடலாம்."

"திருத்தமா? கட்டுரையில உம் பேரு மட்டுமா இருக்கு?"

"இல்லைங்க ஐயா."

"அச்சுல வந்ததை நாமளே தப்புன்னு சொன்னா, அப்புறம் எது எது தப்புன்னு தோண்டுவானுங்க. ஆய்வேட்டுலயும் அப்படியே இருக்கட்டும்."

"ஆனா புத்தகமே இல்லையேங்க ஐயா."

நெறியாளர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பளிச்சென்று முகம் மலர்ந்தார்.

"இல்லைன்னா என்ன, மொழிபெயர்த்துடு! தலைப்புதான் கைவசம் இருக்கே. உள்ளடக்கம்தானே பாக்கி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் இருமிச் சமாளித்தேன்.

"இந்த மாசத்துக்குள்ளயாங்க ஐயா?"

"உன் பிரச்சினை. பட்டியல்ல கை வச்சேன்னா கையெழுத்துக்கு என்கிட்ட வராதே." நெறியாளர் கையெழுத்து இல்லாத ஆய்வேட்டை அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும், நூலகப் படியில் அந்த உதவியாளர் அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. குடைக்காரர் காலையில வந்திருந்தார். அவரோட புத்தகம் தமிழ்ல வந்திருக்காமே, ஒரு பிரதி கிடைக்குமான்னு கேட்டார். எழுதினவர்கிட்டயே சொல்லாம போட்டிருக்காங்க பாருங்க."

"கோபமா இருந்தாரா?" என்றார் அத்தான், ஒரு படி கீழே இறங்கி.

"கோபமா? அவர் சிரிச்சு நான் இப்பதான் சார் பார்க்கறேன். அவர் சம்சாரத்துக்கு இங்கிலீஷ் படிக்க வராதாம். இத்தனை வருஷம் என்னதான் எழுதறீங்க, என்னதான் எழுதறீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம். இப்ப கண்ணாடியெல்லாம் மாத்திட்டு உட்கார்ந்திருக்காங்களாம். மொழிபெயர்த்தது யாருன்னு கேட்டார். நான் உங்க நம்பரைக் குடுத்தேன். முதல்ல மேற்கோள் காட்டினது நீங்கதானே சார், உங்ககிட்ட புத்தகம் இருக்குமே!"

வழியெல்லாம் அத்தான் ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்க, அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். தமிழ்ப் பட்டியலில் ‘கடைமுகப்பின் மொழி’ இருந்த வரியை வெட்டினார். ஆங்கிலப் பட்டியலில், ஆங்கில எழுத்தில், சொந்தப் பெயரின் வரிசையில் கொண்டுபோய் ஒட்டினார். மென்பொருள் அடம் பிடித்து அப்பா பெயரை முன்னால் தள்ளியது. அத்தான் அதைக் கையால் இழுத்துப் பின்னால் போட்டார். நெட்டைப் பட்டியல் இன்னும் கொஞ்சம் நெட்டையாயிற்று. இதழாசிரியருக்குத் திருத்தக் குறிப்பும் எழுதினார். இப்படி ஒரு தமிழ் நூல் இல்லை, இருப்பது ஆங்கில நூல், பிழைக்கு வருந்துகிறோம். ‘வருந்துகிறோம்’ என்பதை அழித்து ‘வருந்துகிறேன்’ என்று மாற்றினார். அனுப்பும் பொத்தானுக்கு மேல் அம்புக்குறி நின்றது.

"அனுப்பினா ஐயா கையெழுத்துப் போட மாட்டார்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அனுப்பலைன்னா?" என்றாள் அக்கா, அறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி.

"அனுப்பலைன்னா போடுவார். அப்புறம் அதைப் படிக்கப் போறது குடைக்காரர்."

"அந்த அம்மா கண்ணாடி மாத்திட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அத்தான் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய கையை உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், சுட்டுவிட்டதைப் போல.

மேசைமேல் கிடந்த கைபேசி அதிர ஆரம்பித்தது. தெரியாத எண். அதிர்வில் அது அச்செடுத்து வந்த பழைய பட்டியலின் மேல் மெல்ல நகர்ந்து, ‘கடைமுகப்பின் மொழி’ இருந்த வரிக்கு வந்து நின்றது.

"ஐயாவா இருக்குமோ?" என்றேன்.

"ஐயா நம்பர் தெரியுமே. இது குடைக்காரராத்தான் இருக்கும்."

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. அக்கா மூச்சு விட்டாள். மறுபடி அதிர்ந்தது. அதே எண்.

"எடுங்க டாக்டரே" என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் பல்லைக் கடிக்கவில்லை.

அத்தான் கையை நீட்டினார். கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.