முதல் அடி மரியாதை

ராக்கப்பன் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். பாதிக் காலம் அதிகாரிகளின் கோல்ஃப் மைதானத்தில் கழிந்தது. ஆட்டத்தை அங்கேதான் கற்றார். ஊர் திரும்பியதும், ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு மில் முதலாளி அமைத்த பயிற்சித் திடலில் கோச் ஆனார்.

போன வருடம் திறப்பு நாளில், முதல் பந்தை மரியாதைக்காக முதலாளியின் சம்பந்திக்குக் கொடுத்தார்கள். காலையில் அடித்துப் பார்த்த பந்துகளை எதிரே அய்யம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஐயா, செத்த பொறுங்க" என்றார் ராக்கப்பன், தனக்கே கேட்காத குரலில். பெரிய மனிதரிடம் எப்படிக் கத்துவது? பந்து பட்டு அவளுடைய இடது கண் போயிற்று.

வேறு வேலை கிடைக்காததால் இன்னமும் அவள் பந்துதான் பொறுக்குகிறாள், மகனின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு.

இந்தச் சனிக்கிழமை புதிதாக ஐந்து பேர். அவள் வாளியோடு எதிரே நிற்க, ராக்கப்பன் பேசினார்.

"இந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டப்பிடாது. உங்க பந்து காலுக்கு எதிர உருண்டு கிடந்தாலும் விட்டுருங்க. கிளப்புக் கம்பைச் சுத்துததுக்கு முன்னால நாலு பக்கமும் ஒரு பார்வை. ஒருத்தர் அடிக்கையில மத்தவிய பேசப்பிடாது. பந்து ஆளைப் பார்த்துப் போச்சுன்னா 'ஃபோர்'னு கத்தணும். கேட்டவிய தலையை மூடிக் குனியணும், நிமிந்து பார்க்கப்பிடாது. எதிர ஆள் நின்னா கம்பு தரையில கிடக்கணும்."

"வீட்ல அவுகளைப் பாத்துக் கத்துத மாதிரி கத்தினா போதுமா சார்?" என்றாள் மில் கணக்கர் யுவராணி. சிரித்தார்கள்.

"அதுக்கு மேலயும் கத்தலாம்மா."

அப்போதுதான் முதலாளியின் மருமகன் ராஜரத்தினம் வந்தான். மேனேஜர் பொன்னுராஜ் ஓடிவந்து கிளப்பை எடுத்து நீட்டினார். "மாப்பிள்ளை முதல் பந்து அடிக்கட்டும். ஒதுங்குங்கண்ணே."

"அந்தம்மா வரட்டும் சார்."

"அம்புட்டுத் தூரம் நம்ம அடி எங்க போகப்போகுது" என்று ராஜரத்தினம் கிளப்பை ஓங்கினான்.

"கீழ போடுலே!" என்று கத்தினார் ராக்கப்பன்.

கிளப் கோட்டின் மேல் விழுந்தது.

"யாரைப் பாத்து 'லே'ங்குத?" ராஜரத்தினம் காருக்குத் திரும்பினான். பொன்னுராஜ் போனோடு பின்னால் ஓடினார். திரும்பி வரும்போது ராக்கப்பனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "திடல் சாவியைக் குடுத்துருங்கண்ணே. நாளையிலருந்து வர வேண்டாமாம்."

"அவ உள்ள வரட்டும், தாரேன்."

சத்தம் கேட்டதும் குந்திய அய்யம்மாள், ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பொத்தியபடி அப்படியே கிடந்தாள். ராக்கப்பன் நடந்துபோய் எழுப்பினார்.

"அடிச்சுட்டாவளாண்ணே?"

"இல்ல தாயி."

"நாளைக்கு நீங்கதான நிப்பிய?"

அவர் வாளியை வாங்கிக்கொண்டு, அவளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்டார். கிளப்பை எடுத்து ஸ்டாண்டில் வைத்த பிறகு பொன்னுராஜிடம் சாவியை நீட்டினார்.