கண் மூடுவதற்கு முன் சொல்ல வேண்டிய வரி

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் கரண்ட்டை நிறுத்துவார்கள். காலையில் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக அடங்கும். முதலில் எதிர்வீட்டுத் தறி, பிறகு பின்தெருவில் உள்ளவை, கடைசியில் எங்கோ தொலைவில் ஒற்றையாக ஓடும் தறி. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த எங்களுக்கு அது நின்றதும் ஊரே தண்ணீருக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். மாடியில் காயும் சேலையிலிருந்து சொட்டு விழுவது கேட்கும். அணில் சுவரில் ஏறுவது கேட்கும். கரிவலம்வந்தநல்லூர் பஸ் ரோட்டு முனையில் திரும்புவது கூட யாரோ பெருமூச்சு விடுவது போலக் கேட்கும்.

அந்த நாளில்தான் மதினி பேசுவாள்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் தறிக்கூடத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவன். பகலில் தூங்க வேண்டும், ஆனால் சுற்றிலும் தறி ஓடும் தெருவில் எங்கே தூங்குவது? கல்யாணமான புதிதில் மதினி தன் குரலைப் போனில் பதிந்து கொடுத்திருக்கிறாள், காதில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லி. கதை என்று ஒன்றும் கிடையாது. தான் பிறந்த வாசுதேவநல்லூரில் மலை மேல் மேகம் இறங்குவது, குளத்துக்குத் தண்ணீர் வரும் முதல் நாள், பிச்சிப்பூ கட்டும்போது விரலில் ஒட்டும் பச்சை வாசம், இப்படி எதையாவது மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவாள். அதை யூடியூபில் போட்டுப் பார்க்கலாம் என்றது நான்தான். படத்தில் ஜன்னலும் வானமும் மட்டும் இருக்கும். சத்தமில்லாத நாளில் ஐந்தாறு பதிந்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாகப் போடுவோம்.

நான் பள்ளிக்கூட வேலையை விட்டபின் வீட்டிலிருந்தே வீடியோக்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு ஜவுளிக் கடைக்கும் ஒரு மிட்டாய்க் கடைக்கும் எழுதுகிறேன். மதினிக்கு முழுதாக எழுத மாட்டேன். எங்கே தொடங்கி எங்கே போகலாம் என்று குறித்துக் கொடுப்பேன், மற்றதெல்லாம் அவள் வாய்க்கு வருவது.

கேட்பவர்கள் பெருகினார்கள். பகலில் தூங்க வேண்டிய நர்சுகள், வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருக்கும் தன் அம்மாவுக்குப் போட்டுவிடுவதாகப் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒருநாள் ஒரு தலையணைக் கம்பெனிக்காக, விளம்பர ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இலவம்பஞ்சுத் தலையணை. ஒன்று அனுப்புவார்கள், பேசுவதற்குப் பணமும் தருவார்கள்.

மதினி ஒரே நிபந்தனைதான் சொன்னாள். "முதல்ல நான் அதுல தூங்கிப் பாக்கேன். நல்லாருந்தாத்தான் பேசுவேன்."

தலையணை வந்தது. அவள் தூங்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கழுத்து வலி போய்விடும் என்று அவர்கள் எழுதியனுப்பிய வரியை நான் அடித்துவிட்டேன். அவளுக்குக் கழுத்து வலியே கிடையாது.

மிச்சம் இருந்தது, இது விளம்பரம் என்று சொல்லும் வரி. சொல்லியாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யூடியூபில் பதிவேற்றும்போது பணம் பெற்ற விளம்பரம் இருக்கிறது என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்வோம். தலையணையைப் பற்றிப் பேசும் நேரம் முழுக்க 'விளம்பரம்' என்ற எழுத்து படத்தின் மேல் இருக்கும். கீழே குறிப்பின் முதல் வரியிலும் போடுவோம். வாயால் சொல்வதை மட்டும் இயல்பாக, பேச்சோடு பேச்சாக எழுதித் தரும்படி ஏஜென்சிப் பெண் கேட்டிருந்தாள்.

நான் இரண்டு நாள் அந்த ஒரு வரியோடேயே இருந்தேன். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அது வாய்க்குள் உருண்டது. கடைசியில் வந்தது: "இந்த மதியத்தை நமக்காக மெல்ல விரித்துத் தந்திருப்பவர்கள் இந்த இலவம்பஞ்சுத் தலையணைக்காரர்கள்." பேச்சின் நடுவே, இலவங்காய் வெடித்துப் பஞ்சு மிதக்கிற இடத்தில் அதை வைத்தேன். பஞ்சோடு பஞ்சாகப் போகும். ஏஜென்சிப் பெண் படித்துவிட்டு, "அவ்வளவு அழகா இருக்கு மேடம், விளம்பரம் மாதிரியே தெரியல" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரண்ட் நின்ற அன்று காலை பதிந்தோம். மதினி கட்டிலில் சாய்ந்து, சட்டையில் மைக்கைக் குத்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வெயில் தரையில் ஒரு சதுரமாக விழுந்து மெல்ல நகர்ந்தது. அவள் பேசப்பேச அந்தச் சதுரத்துக்குள் பஞ்சு பறப்பது போல எனக்கே தோன்றியது.

பக்கத்து அறையில் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தான். எதைப் பதிந்தாலும் முதலில் அவனுக்குத்தான் போடுவோம், தூக்கம் வருகிறதா என்று பார்க்க. ஹெட்போனை மாட்டிவிட்டோம். கண்ணை மூடியவன் இலவமரத்தைத் தாண்டியபின்தான் குறட்டை விட்டான். மதினி வெற்றிச் சிரிப்புச் சிரித்தாள்.

நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தான். முகத்தில் இன்னும் தூக்கம் இருந்தது.

"என்னல்லாம் கேட்டுச்சு?" என்றாள் மதினி.

"மரம்... பஞ்சு பறந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு." செம்பைக் கவிழ்த்தான். "ஏட்டி, அந்தத் தலவாணி நம்ம கடைத்தெருவுல கெடைக்குமா? எங்கம்மைக்கும் ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். நீ சொன்னதக் கேட்டதும் அப்பிடியே நெனப்பு வந்துட்டு."

மதினி என்னைப் பார்த்தாள். "அது விளம்பரம்லா?"

"என்ன விளம்பரம்?"

"துட்டு வாங்கிப் பேசுதேன். அதான் நடுவுல சொன்னேன்லா?"

அவன் விழித்தான். "எங்க சொன்னே? நீ சும்மா உன் மனசுல உள்ளதச் சொல்லுதேன்னுல்லா நெனச்சேன்." கோபமில்லை. கனவில் கையில் இருந்த எதையோ விழித்ததும் காணாமல் தேடுகிறவன் முகம் அது. போய்த் திரும்பப் படுத்துக்கொண்டான்.

மதினி எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள். "இவ்வளவு நாளா என் கூட இருக்க மனுசனுக்கே தெரியலயே" என்றாள்.

"படத்துல எழுத்து வரும் மதினி. கீழயும் போடுதோம்."

"நம்ம வீடியோவ யாருட்டி கண்ணத் தொறந்து பாக்கா?"

ஏஜென்சிப் பெண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வாயால் தெளிவாக, ஆரம்பத்திலேயே சொல்லப்போகிறோம் என்றேன்.

"ஸ்கிரிப்ட் அப்ரூவ் ஆயிடுச்சே மேடம். முதல்ல விளம்பரம்னு சொன்னா அந்த மூட் போயிடும். வேணும்னா கடைசியில சொல்லிடுங்களேன்?"

மதினி போன் பக்கம் குனிந்தாள். "கடைசில யாரும்மா முழிச்சிருப்பா? எல்லாரும் தூங்குனப்பறம் உண்மையச் சொல்லச் சொல்லுதியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சரிங்க்கா. பதிஞ்சு அனுப்புங்க. கேட்டுட்டு கம்பெனில பேசிப் பாக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

மதியம் கரண்ட் வந்துவிடும். வந்தால் தறிகள் ஓடும், அடுத்த மாதம்தான் மறுபடி இந்த அமைதி. நான் அவசரமாக எழுதினேன். 'இந்தக் காணொளி கட்டணம் பெற்றுக்கொண்டு...' மதினி வாசித்துப் பார்த்தாள். அவள் வாயில் அது ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. இன்னொன்று எழுதினேன். 'தலையணைக்காரர்களுக்கு நன்றி.' "நன்றின்னா? அவங்க எனக்குச் சொந்தக்காரங்களா?" என்று அவளே தள்ளிவிட்டாள். உண்மைதான். நன்றி என்றால் பணம் வாங்கினோம் என்று யாருக்குப் புரியும்?

"நீ எழுதாத. மைக்க மாட்டு" என்றாள்.

மறுபடி கட்டிலில் சாய்ந்தாள். வெயில் சதுரம் ஜன்னலடிக்கு ஒதுங்கத் தொடங்கியிருந்தது. எப்போதும் தொடங்குவதற்கு முன் விடுகிற மூச்சை விட்டாள். அதே குரலில், அதே மெதுவில், பூக்கட்டும்போது பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலச் சொன்னாள்:

"படுத்தாச்சா மக்கா? கண்ண மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. இன்னைக்குப் பேசப்போறது விளம்பரம். ஒரு தலவாணிக் கம்பெனிக்காரங்க தலவாணியும் தந்து, துட்டும் தந்து பேசச் சொல்லிருக்காங்க. நான் அதுல தூங்கிப் பாத்தேன், எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதான் பேசுதேன். தெரிஞ்சுக்கிட்டீங்கல்லா? இனி கண்ண மூடிக்கோங்க. எங்க ஊருல மலையடிவாரத்துல ஒரு இலவமரம் நின்னுச்சு..."

தலையணை வரும் இடத்தில், நான் எழுதிய அந்த அழகான வரி இருந்த இடத்தில், "முதல்ல சொன்னேன்லா, துட்டு தந்தாங்கன்னு, அந்தத் தலவாணி இதுதான்" என்றாள். பேச்சு அங்கே தடுமாறவில்லை. பஞ்சு அப்படியேதான் மிதந்தது. நான் குறித்துக் கொடுத்த தாளைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இயல்பு இயல்பு என்று இரண்டு நாள் நான் தேடியது இந்த வீட்டுப் பேச்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவள் கடைசியில் இன்னொரு தடவை, விழித்திருப்பவர்களுக்காக, இது விளம்பரம் என்று சொல்லி நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுத் தறி இருமிக்கொண்டு கிளம்பியது. பிறகு பின்தெருவும் கிளம்பியது.

ஏஜென்சியிலிருந்து சில நாள் பதில் இல்லை. மதினி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேண்டாம் என்று சொன்னால் தலையணையைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியை மட்டும் பரண்மேல் எடுத்து வைத்திருந்தாள். பிறகு அந்தப் பெண் கூப்பிட்டாள். கம்பெனியில் ஒருவர் முகம் சுளித்தாராம், இன்னொருவர் பாதி கேட்கும்போதே மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாராம். போடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போட்டோம். விளம்பரம் என்று கேட்டதும் சிலர் போயிருப்பார்கள். ஆரம்பத்திலேயே விலகியவர்கள் வழக்கத்தைவிட அதிகம் என்று அந்தப் பெண் கணக்குக் காட்டினாள். கீழே வந்த கமெண்ட்டுகளில் ஒன்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. "விளம்பரம்னு சொன்னதும் கோவம் வந்துச்சு அக்கா. ஆனா நீங்க சொல்லிட்டுத்தான ஆரம்பிச்சீங்கன்னு படுத்தேன். தூங்கிட்டேன். தலையணை வாங்கல, மன்னிக்கணும்." மதினி அதற்குத் தானே பதில் போட்டாள்: "தூங்குனீங்கல்லா, அது போதும்."

அந்தக் கம்பெனி மறுபடி வரவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். ஒரு கொசுவலைக்காரர் ஆரம்பத்தில் சொல்லக் கூடாது என்றார், மதினி மாட்டேன் என்றாள். ஒரு போர்வைக்காரர் சரி என்றார். நான் இப்போது ஜவுளிக் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் எழுதும்போதும், வீடியோவில் பணம் வாங்கிப் பேசுகிற பெண்ணிடம் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். உங்க வீட்டில் எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க என்பேன். விளம்பரம் என்ற சொல் மட்டும் அதில் இருந்தாக வேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தூக்கம் வராமல் போனில் மதினியின் போர்வை வீடியோவைப் போட்டுக் காதில் மாட்டினேன். இது விளம்பரம் மக்கா என்று அவள் சொன்னது கேட்டது. சரி என்று நானும் வாய்க்குள் சொன்னேன். பிறகு தூக்கத்துக்குள் ஒரு பஸ், ஈரமான ஜன்னல் கம்பி, இராஜபாளையம் ரோட்டின் இருபுறமும் வயலெல்லாம் தண்ணீர், தண்ணீருக்குள் தலைகீழாக மலை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இறங்க இன்னும் நேரமிருக்கிறது, தூங்குங்க என்றார்.