பதினாறிலிருந்து இருபத்துநான்கு வரை

"டீச்சர், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நகல் எடுக்கிறவர்கிட்ட யாரோ சொன்னாங்களாம், இந்தத் தடவை கட்டுரையில சான்றுக்குப் பதினாறுலேர்ந்து இருபத்துநாலுக்குள்ள ஒருத்தருக்குக்கூட மார்க் விழலையாம். கட்டத்துல ஏதோ கோளாறுன்னு பேச்சு."

தேர்வு அலுவலக எழுத்தர் தேநீரை ஊதியபடி சொன்னாள். டீச்சருக்கு வாயில் வைத்த பிஸ்கட் கரையவில்லை. மாலை வகுப்புக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம். கட்டுரைக்குக் கட்டம் போட்டு மதிப்பெண் அட்டவணை தயாரிப்பதென்றால் இவள்தான். அதனால் 'கட்டம் டீச்சர்' என்றே பெயர்.

"நெருப்பில்லாம புகையுமா?" என்றாள், தனக்கே.

அட்டவணையை எடுத்து விரித்தாள். நான்கு வரிசைகள்: கருத்து, சான்று, அமைப்பு, மொழி. நான்கு நிலைகள்: சிறப்பு, நன்று, போதுமானது, குறைவு. போன மாதம் கூட்டத்தில் மொழிக்கு இருந்த இருபதைப் பத்தாகக் குறைத்து, சான்றை இருபதிலிருந்து முப்பதாக உயர்த்தச் சொன்னார்கள். மொழி வரிசையை முழுக்க மாற்றி எழுதினாள். சான்று வரிசையில் சிறப்புக்கு மட்டும் 25–30 என்று போட்டாள். அடுத்த கட்டத்தில் பழைய 11–15 அப்படியே உட்கார்ந்திருந்தது. நடுவே ஒன்பது மதிப்பெண்ணுக்கு வீடே இல்லை.

சரிபார்த்தவர்களும் உச்ச மதிப்பெண்களை மட்டும் கூட்டினார்கள். நாற்பது, முப்பது, இருபது, பத்து. நூறு. கணக்கு நேராக இருந்தது, தேர்வு எழுதியவள்தான் விழுந்துவிட்டாள்.

இருபத்தேழாம் எண் விடைத்தாள். மருத்துவமனைத் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள், மூன்றாம் முறை எழுதுகிறாள். அவளே கட்டுரையில் சொல்லியிருந்தாள். சான்று, நன்று, பதினைந்து. மொத்தம் ஐம்பத்தைந்து. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். நன்றுக்கு 17–24, போதுமானதுக்கு 9–16, குறைவுக்கு 0–8 என்று பென்சிலால் திருத்தினாள். அந்தச் சான்றுகளை மறுபடி படித்தாள். ஷிப்டு வாரியாகத் துணி எண்ணிக்கை, பக்கத்தில் அதன் பொருள் என்ன என்ற விளக்கம். நன்றின் உச்சி. இருபத்துநான்கு. மொத்தம் அறுபத்துநான்கு.

"இதே கட்டத்துல மார்க் போட்ட தாள் இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு," என்றாள். "எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். தேர்ச்சிப் பட்டியல் எத்தனை மணிக்கு?"

"மூணுக்கு ஒட்டிடுவாங்க. இப்ப ரெண்டே முக்கால்."

"நிறுத்தி வைக்க முடியாதா?"

"தேர்வுக் குழுத் தலைவர் வாயால சொல்லணும் டீச்சர். நான் சொன்னா, 'நீ யாரும்மா'ன்னுதான் கேப்பாங்க. அப்புறம்... தப்பு யாருதுன்னு கேட்டா?"

"என்னுதுதான். கூசாம சொல்லிடறேன். கூட்டமா சேர்ந்து சரிபார்த்தாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அலுப்பா இருக்கும்மா, எல்லாரையும் இழுக்க."

எழுத்தர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். டீச்சர் உட்காரவில்லை. தலைவரின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருபத்தெட்டாம் தாளைத் திறந்தாள். அறிவிப்புப் பலகைப் பக்கமிருந்து ஏணி இழுக்கிற சத்தம் வந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.