கடைக்குப் போர்டு கேட்ட கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் நான் ஒரு பனியன் கடை பிடித்தேன். கீழே கடை, மேலே கட்டடத்துக்குச் சொந்தக்காரரின் குடித்தனம். எனக்கு முன்னால் அந்த இடத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றிருக்கிறார்கள். முகப்பில் அதே பழைய பலகைக் கதவு, அதே உயரமான கல்படி. நான் வந்தது ஊருக்குத் தெரியவே இல்லை. ஒருவர் வந்து பனியனை நெஞ்சில் வைத்து அளவு பார்த்துவிட்டு, "செரிங்க, கொட்டை எப்ப வருமுங்க?" என்று கேட்டார். இன்னொருவர் மாட்டை வாசலிலேயே கட்டிவிட்டு உள்ளே வந்தார். இனிப் போர்டு இல்லாமல் ஆகாது என்று எனக்குப் பட்டது.

போர்டு எழுதுகிறவரைக் கூட்டி வந்தேன். நாலடி உயரம், பன்னிரண்டடி நீளம் இருந்தால்தான் மங்கலம் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் விழும் என்றார். அதோடு ஒரு பக்கம் இரண்டு பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஷோகேஸ் வைக்கவும், கல்படிக்குக் கீழே இன்னொரு சின்னப் படி கட்டவும் எனக்கு ஆசை. ஆனால் ஆணி அடிப்பதானாலும் கட்டடக்காரரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று வாடகைப் பத்திரத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மாடிக்குப் போனேன்.

கட்டடக்காரர் பஞ்சுத் தரகு பார்த்து ஓய்ந்தவர். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"போர்டு ரோட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குமுங்களா தம்பி? அப்படின்னா முனிசிபாலிட்டிக்காரன் வந்து என்னையத்தான கேப்பான்."

"இல்லீங்கண்ணா. செவுத்தோட ஒட்டித்தானுங்க."

"பலகையக் கழட்டுனா?"

"உங்க பலகைய நான் பத்திரமா வெச்சிருந்து, காலி பண்றப்ப பழையபடியே மாட்டித் தந்தறனுங்க. ஆணி அடிச்ச ஓட்டையும் பூசித் தர்றனுங்க."

அவருக்குத் திருப்திதான். ஆனால் பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஊட்டுக்காரி மங்கலத்துல அவ தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கறா. சாயங்காலம் வந்துருவா. அதுக்குள்ள போர்டு அளவுக்கு ஒரு துணியக் கட்டிப் பாத்தறலாமுங்க. எனக்குக் கண்ணுல பாக்காம மனசு ஒப்பாது."

போர்டு அளவுக்குத் துணி என்றால் எட்டு முழ வேட்டிதான். என் மனைவி கல்யாண வேட்டியை எடுத்துக் கொடுத்தாள், கறை பட்டால் நான்தான் துவைக்க வேண்டும் என்ற பேச்சோடு. மேலும் கீழும் மூங்கில் வைத்து, போர்டுக்காரரும் நானும் ஏணியில் ஏறி வேட்டியை இழுத்துக் கட்டினோம்.

கட்டடக்காரர் எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "வாசல் குட்டையாத் தெரியுதுங்க. கொஞ்சம் மேல தூக்குங்க" என்றார். தூக்கினோம். டீ குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி தூக்கினோம். கடைசியில் வேட்டி மாடிச் சன்னலை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது. மேலே ஒரு சாண் மட்டும் பாக்கி.

"ஏனுங்கண்ணா, சன்னல் மறையுதுங்களே. அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"இப்பத்தான் எடுப்பா இருக்குது. சாயங்கால வெளிச்சத்துலயும் பாத்துட்டு முடிவு சொல்றனுங்க. அவுக்க வேண்டாம்."

நான் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஒரு கிழவர் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு இரண்டு பெண்கள் பாயோடு வந்தார்கள். பின்னாலேயே வறுகடலை வண்டி. வேலை விட்டு வந்த கம்பெனி ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேரியரில் ஏறி அமர்ந்தார்கள். அந்தக் காலத்தில் அரசாங்க வேன் வந்து தெருவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"என்ன படமுங்க?" என்றார் கிழவர்.

"படமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இது போர்டுங்க."

அவர் வேட்டியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அகலமா இருக்குதே. சினிமாஸ்கோப்புப் படமாட்ட இருக்குது" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னாள். ஸ்கோப் என்றதும் இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள்.

கட்டடக்காரர் டீக்கடையிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பனியன் யாவாரத்துக்குன்னுதானுங்க கடைய உட்டேன். சினிமாக் கொட்டாய் நடத்தறதுன்னா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமல்லங்க" என்றார் உண்மையான வருத்தத்தோடு. நான் பதில் சொல்வதற்குள் மங்கலம் பஸ் வந்து நின்றது. அவர் மனைவி கூடையோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். கட்டடக்காரரும் பின்னாலேயே ஏறினார்.

மேலே பல்பு எரிந்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் வேட்டி பளிச்சென்றது. அதில் அந்த அம்மாவின் நிழல் விழுந்தது. கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது.

நிழல் கூடையை இறக்கியது. இடுப்பில் கை வைத்தது. இன்னொரு நிழல் வந்து பக்கத்தில் நின்றது, கொஞ்சம் கூனிக்கொண்டு. சத்தமும் தெளிவாகக் கேட்டது.

"காத்து வராது, காய்காரன் வந்தாத் தெரியாது. நாலு செவுத்துக்குள்ள நான் என்னத்தப் பாத்துக்கிட்டு உக்கார்றதுங்க?"

"டீக்கடையில இருந்து பாத்தா எடுப்பா இருக்குது புள்ள."

"அப்ப டீக்கடையிலயே குடியிருங்க."

கூட்டம் கைதட்டியது. அம்மாவின் நிழல் கையை நீட்டி நீட்டிப் பேச, கூனிய நிழல் தலையைச் சொறிந்தது. கடலைக்காரர் விற்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வெளியே என்ன சத்தம் என்று பார்க்கக் கட்டடக்காரர் ஸ்டூலில் ஏறி, வேட்டிக்கு மேல் இருந்த ஒரு சாண் இடைவெளியில் தலையை நீட்டினார். விசில் பறந்தது. கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலை உள்ளே போனது, பல்பு அணைந்தது. "அவ்வளவுதானா?" என்று கிழவர் துண்டை உதறினார். மிச்சத்தை நாளைக்குப் போடுவார்களா என்று என்னிடம் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

மறுநாள் காலை அந்த அம்மாவே என்னை மாடிக்குக் கூப்பிட்டார். எனக்குக் கடை போய்விட்டதென்றே பயம். ஆனால் காபி தந்தார்.

"போர்டு வேண்டாமுன்னு நான் சொல்லுல தம்பி. சன்னலுக்குக் கீழ, வாசலுக்கு மேல ரண்டடி எடம் இருக்குதல்ல. அதுக்குள்ள வெச்சுக்குங்க. கண்ணாடி வெச்சுக்குங்க. படியும் கட்டிக்குங்க, எனக்கும் எறங்க ஏற ஆகும்."

"செரிங்க அக்கா" என்றேன். கட்டடக்காரர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார்: போர்டு இரண்டடிக்கு மேல் போகாது, பலகைகளைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது மாட்டித் தருவது, சுவரைச் சரிசெய்து தருவது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். "வேட்டி எதுவும் கட்டக் கூடாது" என்று கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்தார்.

ஒரு வாரத்தில் போர்டு மாட்டினோம். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். அந்த அம்மா சன்னலில் இருந்து குனிந்து குனிந்து பார்த்தார். போர்டு நேர் கீழே இருந்ததால் மேல்விளிம்பு தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, ரோட்டைக் கடந்து டீக்கடை வாசலில் போய் நின்றார். டீக்கடைக்காரர் மரியாதையாகப் பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. அந்த 'னி' மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்குது."

போர்டுக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு, மறுபடியும் ஏணியை எடுத்தார்.