ஒரு சொம்பு உப்புத் தண்ணீர்

என் அக்கா தாராவின் கணவர் ராகுலனை யாராவது விசாரித்தால், தங்கமான மனிதர், ஆனால் அவரோடு எங்கும் போக முடியாது என்று சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அக்காவை அவர் வெளியூருக்கு அழைத்துப் போனது வேலூருக்கு ஒரு தடவை. அதுவும் சாவுக்கு. அன்று இரவே திரும்பி வந்துவிட்டார். வீட்டில் குழந்தை அழுதது என்று வந்திருந்தால் மன்னிக்கலாம். மனிதர் உப்பு உறைந்துவிடும் என்று வந்தார்.

கோலார் பக்கம் பாலகாட்டில் பழைய தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால் வாசு என்பவருடைய பட்டறை இருக்கிறது. எஃகுச் சாமான்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்துவது எங்கள் வேலை. ராகுலன் மாமா அங்கே சால்ட் பாத் ஆப்பரேட்டர். நான் எலக்ட்ரீஷியன். சுரங்கம் மூடியபோது எல்லோரையும் போல அவரும் பெங்களூருக்கு ரயிலேறினார். அங்கே ஒரு பட்டறையில் தொழில் கற்று, பல வருடம் விடியலில் போய் இருட்டில் வந்துகொண்டிருந்தவர், வாசு இங்கே கொட்டகை போட்டதும் முதல் ஆளாக வந்து சேர்ந்தார்.

சால்ட் பாத் என்பது இடுப்புயர இரும்புத் தொட்டி. அது நிறைய உருகிய உப்பு. நாம் சாப்பிடும் உப்போடு பொட்டாசியம் உப்பும் கலந்தது. அதில் இரண்டு தடித்த இரும்புக் கம்பங்கள் இறங்கியிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் உப்பின் வழியாகவே பாயும். அந்தக் கரண்டாலேயே உப்பு கொதிப்பாக இருக்கும். அடியில் தீ கிடையாது. செக்கச் செவேலென்று, கண்ணாடி மாதிரி தெளிவாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

உருகியிருக்கும் வரைதான் இந்த வசதி எல்லாம். உறைந்தால் அது வெறும் கல். உப்பில் கரண்டைச் சுமந்து போகிறவை அதிலுள்ள அயனிகள், மின்னூட்டம் கொண்ட துகள்கள். கெட்டியாக இருக்கும்போதும் அவை உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு அசைய முடியாமல் நிற்கும். காலையில் பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறின பிறகு பெங்களூர் ரயில் பெட்டிக்குள் எங்கள் ஊர்க்காரர்கள் நிற்பார்களே, அப்படி. உருக்கினால் பிடி விட்டுப்போகும், நகரும், கரண்ட் பாயும். தண்ணீரில் கரைத்தாலும் அதேதான். மழைக்காலத்தில் தரையில் சிந்திய உப்பு கசிந்து ஈரமானால், செருப்பில்லாமல் சுவிட்ச் பானல் பக்கம் போகிறவனை மாமா கிழித்துத் தொங்கவிடுவார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கூட தொட்டியை அணைக்க மாட்டோம். குறைந்த கரண்டில் உருகியபடியே வைத்திருப்போம். நீண்ட நேரம் கரண்ட் போனால், மேலே உப்பு உறைந்து ஆடை கட்டுவதற்குள் ஒரு கம்பிச் சுருளைக் கம்பங்களுக்கு நடுவே இறக்கிவிட வேண்டும். உலோகத்துக்கு உருக வேண்டிய அவசியமில்லை, எப்போதும் கரண்டைக் கடத்தும். கரண்ட் திரும்பியதும் அந்தச் சுருள் சூடாகி, சுற்றியுள்ள உப்பை உருக்கிவிடும். அதற்கு மேல் உப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சுருளை இறக்க ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் மாமா ஊரை விட்டு நகராததற்குக் காரணம். இரண்டாவது ஷிப்டில் பூதிகோட்டைப் பெண் பவ்யா இருக்கிறாள். நல்ல கைக்காரி. ஆனாலும் அவளை நம்பி மாமா ஒரு ராத்திரி விட்டதில்லை.

"எனக்கு சக்களத்தி வெளியில இல்ல, பட்டறையில குந்திகினு இருக்கறா" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வரவர அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இந்த வருடம் எங்கள் புத்த விகாரத்திலிருந்து புத்தகயாவுக்கு ஒரு கூட்டம் கிளம்பியது. அக்கா இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த தடவ நீங்க வரலன்னாலும் நான் போவேன். ஆனா அப்புறம் உங்கள எங்கயும் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. மாமா சரி என்று தலையாட்டினார். திங்கட்கிழமை மாலை ரயிலடிக்கு வேன்.

அதற்கு முந்தின ஞாயிறு மதியம் விகாரத்தில் வழியனுப்பும் பூசை. மாமா போனை அணைத்து வைத்திருந்தார். அன்றைக்கென்று காற்றும் மழையும் அடித்துக் கரண்ட் போய்விட்டது. மாமாவும் பவ்யாவும் கிடைக்காமல் வாட்ச்மேன் கடைசியில் என்னைப் பிடித்தார். நான் கோலாரில் இருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது ஒரு சாண் கனத்துக்கு ஆடை கட்டியிருந்தது. சுருள் சுவரில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கள் காலை கரண்ட் வந்தது. தொட்டியில் வெள்ளைப் பாறை, நடுவில் விரிசல்கள். சுவிட்சைப் போட்டேன். கம்பங்களுக்குக் கரண்ட் வருகிறது. உப்பில் பாயவில்லை. அம்மீட்டர் முள் செத்துக் கிடந்தது.

இதற்கும் வழி உண்டு. கேஸ் டார்ச்சை மேலிருந்து காட்டி, இரண்டு கம்பங்களையும் தொடுகிற மாதிரி ஒரு குட்டை உருக்கினால் போதும். ஆனால் சிலிண்டர் காலி. புதுசு சாயந்திரம்தான் வரும் என்றார்கள்.

"தொட்டி உருகி எழாம நான் எப்படி மச்சான் போறது?" என்றார் மாமா.

"பவ்யா பாத்துக்குவா மாமா. நான் இருக்கறேன்."

"நீ இன்னாத்த பாப்ப? டார்ச்ச அடியில காட்டினா மேல மூடின உப்பு வெடிக்கும். தெரியுமா உனக்கு?"

தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய வலது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. பெங்களூரில் யாரோ ஈர இடுக்கியைத் தொட்டிக்குள் விட்டதில் தெறித்தது. உருகிய உப்புக்குள் தண்ணீர் மாட்டினால் ஒரே கணத்தில் ஆவியாகி, உப்பை வாரி வெளியே அடிக்கும். அதனால் எங்கள் கொட்டகைக்குள் நனைந்த குடை வராது, தண்ணீர் பாட்டில் வராது. முகம் கழுவிவிட்டு வந்தால்கூடத் துடைத்தாயா என்று கேட்பார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா போன் செய்தாள். "கெளம்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. மாமா "தோ வந்துட்டேன்" என்று வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், கேபிள்ல கிளாம்ப் மீட்டர் மாட்டு. எவ்ளோ காட்டுதுன்னு மட்டும் சொல்லு."

நான் தொட்டிக்கு முதுகைக் காட்டி, கரண்டை அளக்கும் அந்த இடுக்கி மீட்டரைக் கேபிளில் மாட்டினேன். சைபர். பின்னால் ஏதோ ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான்கு ஆம்பியர் காட்டியது.

"நாலு மாமா. இன்னா பண்ணீங்க?"

எண் மூன்றானது, இரண்டானது, மறுபடி சைபர். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா கையில் காலிச் சொம்பு இருந்தது. அதன் அடியில் கரையாத உப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் முதலில் செய்தது மெயின் சுவிட்சை அணைத்ததுதான்.

அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் கோபமும் அதிகமாக வந்தது. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும். பாய்ந்தால் சூடாகும், சூட்டில் கொஞ்சம் உருகிக் குட்டை கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பாய்ந்தது உண்மை. ஆனால் அந்த நாலு ஆம்பியரில் டீ கூடப் போட முடியாது. தண்ணீரோ மேலே நிற்காமல் விரிசலுக்குள் இறங்கிவிட்டது.

"எவ்ளோ ஊத்தினீங்க?"

"முழு சொம்பு" என்றார்.

இப்போது டார்ச் காட்டினால் உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் என்ன செய்யும் என்று பட்டறையில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பவ்யா அப்போதுதான் ஷிப்டுக்கு வந்து வாசலில் நின்றிருந்தாள், ஊற்றியதைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் சொம்பைக் கழுவி வைத்துவிட்டு மாமா வேனுக்குப் போயிருக்கலாம். அவரே அவளைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் ஊற்றினார், எந்த விரிசலில் இறங்கியது என்று விரல் வைத்துக் காட்டினார். வாசுவுக்கும் போன் போட்டுச் சொன்னார். வாசு திட்டவில்லை. எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டார்.

பிறகு மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் போவல. இத சரி பண்ணாம எவனையும் கிட்ட விடமாட்டேன். உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு மச்சான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் பவ்யா முந்திக்கொண்டாள்.

"பேடண்ணா, வேணாம்ணா, நீங்க போங்க" என்றாள். "ஈர உப்ப உளியால வெட்டி எடுத்துடறோம். விரிசல் முடியற வரைக்கும் வெட்டறோம். மீதிய லேசான சூட்டுல ரெண்டு நாள் காய வெக்கறோம். அப்புறம் காஞ்ச உப்பு போட்டு, மேலருந்து டார்ச். சரியா?"

"சரிதான். ஆனா நான் இல்லாம..."

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இல்லாதப்ப இங்க ஒருநாளும் தண்ணி விழல. நீங்க இருந்தப்பதான் விழுந்துச்சு."

அவள் குத்திக்காட்டவில்லை. இருப்பதைச் சொன்னாள். மாமா அவளைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சிரித்தார். எழுந்து, இடுப்பில் செருகியிருந்த தன் தோல் கையுறையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"ரெண்டு நாளுன்னா ரெண்டு நாள். வாசு அவசரப்படுத்தினாலும் விடாத" என்றார்.

நான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் இருந்தாள், பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்திருந்தாள். வேறு யாரும் உட்காராமலிருக்கவா, அல்லது வர மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டாளா தெரியவில்லை. அவரைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பவ்யாவும் நானும் வெட்டினோம். விரிசல் நாங்கள் நினைத்ததைவிட ஆழம். ஈர உப்பைக் கூடை கூடையாக வெளியே கொட்டினோம். மீதியைச் சூடு காட்டிக் காய வைத்தோம். முதல் நாள் முடிவில் போதுமே என்று எனக்குத் தோன்றியது. அவள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை முகக்கவசமும் தோல் அங்கியும் போட்டு மேலிருந்து டார்ச் காட்டினாள். வெள்ளை உப்பு வியர்த்து, பளபளத்து, கம்பத்திலிருந்து கம்பம் வரை ஒரு குட்டை சேர்ந்தது. டார்ச்சை விலக்கிக்கொண்டு சைகை காட்டினாள். நான் சுவிட்சைப் போட்டேன். முள் அசைந்தது, நின்றது, பிறகு ஏறிக்கொண்டே போனது.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அக்கா. பின்னால் ரயில் சத்தம் கேட்டது.

"தொட்டி எழுந்துச்சுக்கா. அவருகிட்ட குடு, சொல்றேன். கேட்டுகினே இருந்திருப்பாரே."

"கேக்கல. நேத்து ஒரு தடவ கேட்டாரு, இன்னிக்கு ஒரு தடவகூட கேக்கல" என்றாள். "என் தோள் மேல சாஞ்சு தூங்கறாரு. எழுப்பட்டா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பவ்யா என்ன என்று பார்வையால் கேட்டாள்.

"வேணாக்கா. தூங்கட்டும்" என்றேன்.